மணி சரி, நாள் தவறு: கடல் கடந்த உறவினருடன் சந்திப்பு நேரம் குறிக்கும் முறை

நம் வாடிக்கையாளர் குடும்பங்களில் பலவற்றில் ஒரு பிள்ளையோ உடன்பிறந்தவரோ வெளிநாட்டில் வாழ்கிறார். வீடு விற்பது, வைப்புத்தொகையைப் புதுப்பிப்பது, பெற்றோரின் மருத்துவச் செலவைப் பகிர்ந்துகொள்வது போன்ற முடிவுகளை எல்லாரும் ஒரே நேரத்தில் கைப்பேசித் திரையில் கூடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கூடும்போது நேரிடும் தவறுகளில் பெரும்பாலும் மணி தவறுவதில்லை, நாள்தான் தவறுகிறது. அது எவ்வாறு நேர்கிறது என்பதையும், தவிர்க்கும் எளிய வழியையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு குடும்பத்தைக் கொள்வோம். அக்கா புணேயில் இருக்கிறார். தம்பி கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் வேலை பார்க்கிறார். பெற்றோர் விட்டுச் சென்ற வீடு இருவர் பெயரிலும் உள்ளது. அதை வாங்க விரும்புபவர் 2026 அக்டோபர் 25, ஞாயிற்றுக்கிழமை காலை 8.30 மணிக்கு அக்காவின் வீட்டிற்கு வருவதாகச் சொல்கிறார். விலையை அன்றே பேசி முடிக்க வேண்டும். தம்பியின் சம்மதமும் அப்போதே வேண்டும்.

அக்கா தொலைபேசியில் சொல்கிறார்: "ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு வருகிறார்கள் தம்பி. உனக்கு அது இரவு எட்டு மணி."

"சரி அக்கா, எட்டு மணிக்கு நான் தயாராக இருப்பேன்," என்கிறார் தம்பி. ஞாயிறு இரவு எட்டு மணி என்று குறித்தும் வைத்துக்கொள்கிறார்.

ஞாயிறு காலை அக்கா அழைக்கும்போது சான் ஹோசேயில் சனிக்கிழமை இரவு எட்டு மணி. மறுநாள் இரவுதான் கூட்டம் என்று எண்ணிய தம்பி, கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு நண்பர் வீட்டு விருந்துக்குப் போயிருக்கிறார். வாங்க வந்தவர் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, வேறொரு வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார். தம்பி தாம் குறித்தபடி ஞாயிறு இரவு எட்டு மணிக்கு அழைக்கிறார். அப்போது புணேயில் திங்கட்கிழமை காலை 8.30.

அக்கா சொன்ன மணியில் பிழை இல்லை; தம்பி கேட்டதிலும் பிழை இல்லை. 'ஞாயிறு' என்ற சொல்லை மட்டும் இந்தியக் கடிகாரத்திலிருந்து எடுத்து, 'இரவு எட்டு மணி' என்பதோடு ஒட்டியதில் சரியாக 24 மணி நேரம் பிசகிவிட்டது. மணியை மாற்றும்போது கிழமையையும் தேதியையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் முதல் விதி.

ஐந்தரை மணி நேரம் எங்கிருந்து வந்தது?

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே 15 பாகைக்கு ஒரு மணி நேரம். இங்கிலாந்தின் கிரீன்விச் வழியே செல்லும் கோட்டைச் சுழியம் எனக் கொண்டு, அதற்குக் கிழக்கே உள்ள நாடுகள் முன்னதாகவும் மேற்கே உள்ளவை பின்னதாகவும் நேரம் கணிக்கின்றன. நம் நாட்டின் திட்ட நேரம் உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே செல்லும் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. 82.5 என்பதை 15ஆல் வகுத்தால் ஐந்தரை கிடைக்கும். 1906 ஜனவரி 1 முதல் இந்தத் திட்ட நேரம் நடைமுறையில் உள்ளது. இன்று அதைத் துல்லியமாகப் பேணும் பொறுப்பு புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தினுடையது.

பல நாடுகள் முழு மணிக் கணக்கில் இருக்க, நாம் அரை மணியோடு நிற்கிறோம். 'அமெரிக்காவுக்கும் நமக்கும் பன்னிரண்டு மணி நேரம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர் அரை மணி நேரம் முன்னதாகவோ தாமதமாகவோ வந்து நிற்பதற்கு அதுவே காரணம்.

கணக்கிடும் முறை

இரண்டு ஊர்களின் நேரத்தை நேருக்கு நேர் மாற்றுவதைவிட, யூ.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தின் வழியாக மாற்றுவது பாதுகாப்பானது. நடைமுறையில் அதைக் கிரீன்விச் நேரம் என்றே கொள்ளலாம். முன் சொன்ன சந்திப்பையே தாளில் போட்டுப் பார்ப்போம்.

முதலில், கிழமை, தேதி, மணி, ஊர் ஆகிய நான்கையும் 24 மணிக் கணக்கில் எழுதுகிறோம்: ஞாயிறு, அக்டோபர் 25, 8.30, புணே.

இரண்டாவதாக, இந்திய நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழிக்கிறோம். ஞாயிறு, அக்டோபர் 25, 3.00 மணி என்று உலகப் பொது நேரம் கிடைக்கிறது. இந்திய நேரம் 5.30க்குக் குறைவாக இருந்தால், முந்தைய நாளிலிருந்து 24 மணியைக் கடன் வாங்கிக் கழிக்க வேண்டும். தேதியும் ஒன்று குறையும்.

மூன்றாவதாக, அந்த நாளில் சான் ஹோசே உலகப் பொது நேரத்துக்கு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்கிறோம். அக்டோபரில் அது 7 மணி நேரம். மூன்றிலிருந்து ஏழைக் கழிக்க முடியாது. ஆகவே ஒரு நாளைக் கடன் வாங்கி, 3 உடன் 24ஐக் கூட்டி 27 ஆக்கி, அதிலிருந்து 7ஐக் கழிக்கிறோம். விடை 20. கடன் வாங்கியதால் தேதி ஒன்று பின்னே போகிறது: சனி, அக்டோபர் 24, 20.00 மணி, அதாவது இரவு எட்டு மணி.

தேதி மாறும் இடம் இந்தக் கடன்தான். மனக்கணக்காகப் போடுபவர் கடன் வாங்கியதை மறந்துவிடுகிறார். தாளில் எழுதுபவர் மறப்பதில்லை. கிழக்கு நாடுகளுக்குக் கூட்டும்போது விடை 24ஐ எட்டினாலோ தாண்டினாலோ, 24ஐக் கழித்துவிட்டுத் தேதியை ஒன்று கூட்ட வேண்டும்.

விடை சரியா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. அமெரிக்காவும் ஐரோப்பாவும் நேரக் கணக்கில் நமக்குப் பின்னால் இருப்பவை. அங்குள்ள தேதி நம் தேதியாகவோ அதற்கு முந்தைய தேதியாகவோதான் இருக்க முடியும். ஒருபோதும் நமக்கு அடுத்த தேதியாக இருக்காது. சிங்கப்பூர், ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகியவை நமக்கு முன்னால் இருப்பவை; அங்கே நம் தேதியோ அடுத்த தேதியோ இருக்கும், முந்தைய தேதி இருக்காது. இதற்கு முரணான விடை வந்தால் கூட்டலும் கழித்தலும் இடம் மாறிவிட்டன என்று பொருள்.

ஊருக்கு ஓர் எண் போதும்

ஒவ்வொரு முறையும் தாளில் கணக்கிட வேண்டியதில்லை. நம் உறவினர் இருக்கும் ஊருக்கும் நமக்கும் உள்ள இடைவெளியை ஒரே ஓர் எண்ணாக நினைவில் வைத்தால், அங்கே எந்தத் தேதி என்பதையும் அந்த எண்ணே சொல்லிவிடும்.

அக்டோபரில் சான் ஹோசே நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. அப்படியானால் நம் கடிகாரத்தில் பகல் 12.30 ஆகும்போதுதான் அங்கே நள்ளிரவு. அப்போதுதான் அங்கே தேதி மாறுகிறது. அதற்கு முன்பு இங்கே எந்த மணியானாலும் அங்கே நேற்றைய தேதி. அதற்குப் பின்பு இருவருக்கும் ஒரே தேதி. பின்தங்கிய நாடுகளுக்கு, இடைவெளி எத்தனை மணி நேரமோ அதுவே நம் கடிகாரத்தில் நாளெல்லையாகிறது.

நமக்கு முன்னால் செல்லும் நாடுகளுக்கு, இடைவெளியை 24இலிருந்து கழித்தால் நாளெல்லை கிடைக்கும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறது. ஆகவே இங்கே இரவு 9.30 ஆனதும் அங்கே மறுநாள் பிறந்துவிடுகிறது.

உறவினர்கள் மிகுதியாக வாழும் சில ஊர்களின் நாளெல்லையை இந்திய நேரத்தில் கீழே தருகிறோம். முதல் நான்கு வரிகளில் உள்ள ஊர்களில், அந்த மணிக்கு முன்பு நேற்றைய தேதி:

- துபாய்: ஆண்டு முழுவதும் அதிகாலை 1.30
- லண்டன்: கோடையில் அதிகாலை 4.30, குளிர்காலத்தில் காலை 5.30
- நியூயார்க்: கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் காலை 10.30
- சான் ஹோசே, லாஸ் ஏஞ்சலீஸ்: கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் பிற்பகல் 1.30

அடுத்த இரண்டு வரிகளில் உள்ள ஊர்களில், அந்த மணி முதல் நாளைய தேதி:

- சிங்கப்பூர், கோலாலம்பூர்: ஆண்டு முழுவதும் இரவு 9.30
- சிட்னி, மெல்போர்ன்: அவர்களுடைய குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30

அக்கா இந்த ஓர் எண்ணை அறிந்திருந்தால் போதும். காலை எட்டரை என்பது பகல் பன்னிரண்டரைக்கு முன்பு வருகிறது. ஆகவே தம்பிக்கு அது சனிக்கிழமை என்று உடனே தெரிந்திருக்கும்.

மாறாத நாமும் மாறும் அவர்களும்

மேலே சில ஊர்களுக்கு இரண்டு எண்கள் இருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பர். அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் ஐரோப்பாவிலும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். இதைக் கோடை நேரம் அல்லது பகலொளிச் சேமிப்பு நேரம் என்பர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சில ஆண்டுகள் இந்தியாவிலும் கடிகாரம் இவ்வாறு முன்னே வைக்கப்பட்டது. இன்று நம்மிடம் அந்த வழக்கம் இல்லை. வளைகுடா நாடுகளான ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், குவைத் ஆகியவற்றிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் இல்லை. ஆகவே அங்குள்ள உறவினருடன் ஒருமுறை கண்ட கணக்கு ஆண்டு முழுவதும் செல்லும்.

அமெரிக்காவில் 2007 முதல் உள்ள நடைமுறைப்படி கோடை நேரம் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடிகிறது. மாற்றம் அந்தந்த ஊரின் அதிகாலை 2 மணிக்கு நிகழும். ஹவாய் மாநிலமும் அரிசோனாவின் பெரும்பகுதியும் இதைப் பின்பற்றுவதில்லை. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாற்ற நாட்கள். சிட்னியிலும் மெல்போர்னிலும் அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு முடிகிறது. பிரிஸ்பேன் அடங்கிய குயின்ஸ்லாந்து மாநிலம் கடிகாரத்தைத் தொடுவதில்லை. ஆகவே நாட்டின் பெயரை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது. உறவினர் வாழும் ஊர் எது என்று பார்க்க வேண்டும்.

நம் அக்காவும் தம்பியும் முதல் சந்திப்பு தவறிய பின், ஒவ்வொரு ஞாயிறும் இந்திய நேரம் காலை 8.30க்குப் பேசுவதென்று முடிவு செய்கிறார்கள் என்று கொள்வோம். 2026ஆம் ஆண்டில் நவம்பர் முதல் தேதியே முதல் ஞாயிறு. அன்று கலிபோர்னியாவில் கடிகாரம் மாறுகிறதே என்று அக்கா அன்றைய காலைச் சந்திப்புக்கே புதுக் கணக்கைப் போட்டால் தவறிவிடுவார். ஏனெனில் அங்கே நவம்பர் 1 அதிகாலை 2 மணி என்பது இங்கே நவம்பர் 1 பிற்பகல் 2.30. இந்தியாவில் காலை 8.30 ஆகும்போது அங்கே இன்னும் அக்டோபர் 31, சனிக்கிழமை இரவு எட்டு மணி. பழைய கணக்கே செல்லும். அதற்கடுத்த ஞாயிறான நவம்பர் 8 அன்றுதான் வேறுபாடு தெரியும். அன்று காலை 8.30க்குத் தம்பிக்கு நவம்பர் 7, சனிக்கிழமை இரவு ஏழு மணி. அவர் வழக்கம்போல் எட்டு மணிக்கு வந்தால், புணேயில் 9.30 ஆகியிருக்கும்.

இங்கே குடும்பங்கள் முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கடிகாரம் மாறும்போது யாருடைய நேரம் அசையாமல் இருக்க வேண்டும்? இங்கே முதியவர் ஒருவரின் உணவும் மாத்திரையும் கணக்கில் இருந்தால் இந்திய நேரத்தை நிலையாக வைத்து, அங்கிருப்பவர் ஒரு மணி நேரம் மாற்றிக்கொள்ளலாம். அங்கே சிறு குழந்தையின் உறக்க நேரம் முக்கியமென்றால் அவர்களுடைய நேரத்தை நிலையாக வைத்து நாம் மாற்றிக்கொள்ளலாம். எதுவாயினும் ஒன்றைத் தீர்மானித்து எழுதிவைக்க வேண்டும்.

கைப்பேசி நாட்காட்டியில் வாரந்தோறும் வரும்படி பதிவு செய்பவர்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும். அத்தகைய பதிவு, அது எந்த நேர மண்டலத்தில் உருவாக்கப்பட்டதோ அதைப் பற்றியே நிற்கும். அக்கா Asia/Kolkata என்ற மண்டலத்தில் பதிந்தால், நவம்பரில் தம்பியின் கைப்பேசி தானாகவே ஏழு மணி என்று காட்டும். தம்பி America/Los_Angeles என்று பதிந்தால், அவருக்கு எட்டு மணியே நிற்க, அக்காவின் கைப்பேசியில் 9.30 தோன்றும். இரண்டுமே சரிதான், எது என்று இருவரும் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் பதிந்து மற்றவருக்கு அழைப்பாக அனுப்பினால் போதும். இருவரும் தனித்தனியே பதிந்துகொண்டால் நவம்பரிலும் மார்ச்சிலும் பதிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படும்.

வங்கியின் தேதி இந்தியத் தேதி

இதே கணக்கை எதிர்த்திசையில் போட வேண்டிய நேரமும் வருகிறது. வெளிநாட்டிலிருந்தபடி இந்தியக் கணக்கை இணையவழியே இயக்கும் உறவினருக்கு, தேதி என்பது அவர் சுவரிலுள்ள நாட்காட்டியின் தேதியன்று, இந்தியத் தேதி.

நிதியாண்டு முடியும் மார்ச் 31ஐ எடுத்துக்கொள்வோம். அந்த நாளுக்குள் ஒரு தொகையைச் செலுத்த வேண்டும் என்று தம்பி நினைவில் வைத்திருக்கிறார். அலுவலகம் முடிந்து, மார்ச் 31 மாலை 6 மணிக்கு நிதானமாகக் கணினி முன் அமர்கிறார். மார்ச் இறுதியில் கோடை நேரம் தொடங்கிவிட்டதால் கலிபோர்னியா உலகப் பொது நேரத்துக்கு 7 மணி நேரம் பின்தங்கியிருக்கும். 18 உடன் 7ஐக் கூட்டினால் 25. அதாவது உலகப் பொது நேரத்தில் ஏப்ரல் 1, 1.00 மணி. அதனுடன் ஐந்தரையைக் கூட்டினால் இந்தியாவில் ஏப்ரல் 1, காலை 6.30. அவர் செலுத்தும் தொகை புதிய நிதியாண்டில்தான் பதிவாகும்.

நாளெல்லை எண் இங்கும் உதவுகிறது. இந்தியாவில் நள்ளிரவு ஆகும்போது கலிபோர்னியாவில், கோடையில், அதே நாள் முற்பகல் 11.30. ஆகவே 'மார்ச் 31க்குள்' என்பது தம்பிக்கு 'மார்ச் 31 முற்பகல் 11.30க்குள்' என்றாகிறது. எதிர்பாராத தடைகளுக்கும் இடம்விட்டு, அவரை மார்ச் 30ஆம் தேதியே முடித்துவிடச் சொல்வது நல்லது.

செய்தியை எழுதும் விதம்

கணக்கு சரியாக இருந்தும் சொல்லும் முறையால் குழப்பம் வரலாம். 'சனிக்கிழமை இரவு 12 மணி' என்றால் சனி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்று தெளிவில்லை. சனி 23.45 என்றோ ஞாயிறு 0.15 என்றோ நேரத்தைச் சற்றுத் தள்ளிக் குறித்தால் இந்த ஐயமே எழாது. 'நாளை', 'இன்றிரவு' போன்ற சொற்களையும் தவிர்க்க வேண்டும். நம் நாளை அவர்களுடைய நாளையாக இருக்க வேண்டியதில்லை. IST போன்ற சுருக்கெழுத்துகளையும் நம்ப முடியாது. நாம் இந்திய நேரத்தைக் குறிக்கும் அதே மூன்றெழுத்தை இஸ்ரேலும் தன் நேரத்துக்குப் பயன்படுத்துகிறது. ஊரின் பெயரை எழுதுவதே தெளிவு.

நம் அக்கா அனுப்பியிருக்க வேண்டிய செய்தி இவ்வளவுதான்:

"புணே: ஞாயிறு, அக்டோபர் 25, காலை 8.30. சான் ஹோசே: சனி, அக்டோபர் 24, இரவு 8.00. பார்த்துவிட்டு, உன் ஊர்க் கிழமையையும் மணியையும் எனக்குத் திருப்பி எழுது தம்பி."

கடைசி வரிதான் பிழையைக் கண்டுபிடிக்கும் வரி. 'சரி அக்கா' என்று பதில் வந்தால் தம்பி எதைச் சரி என்கிறார் என்று தெரியாது. 'சனி இரவு எட்டு' என்று எழுதி வந்தால் இருவரும் ஒரே நேரத்தைத்தான் குறித்திருக்கிறார்கள். 'ஞாயிறு இரவு எட்டு' என்று வந்தால், வீடு வாங்க வருபவர் படியேறுவதற்கு முன்பே தவறு தெரிந்துவிடும். திருத்திக்கொள்ளப் போதிய நேரமும் இருக்கும்.